'மேசையில தட்டிக் காட்டும்மா!' - ஏழு வருஷம் என் இதயம் போட்ட தாளம்

முதல் முறை அது வந்தபோது எனக்கு 19 வயது. கல்லூரி இரண்டாம் ஆண்டு. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த ஐந்து ரூபாய் நாணயம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்வதற்குள் நெஞ்சுக்குள் யாரோ ஸ்விட்ச் போட்டதுபோல இருந்தது. ஒரு துடிப்பு இடறியது, அடுத்த நொடியே இதயம் தடதடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடியவள் மாதிரி மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை. நான் சும்மா நின்றிருந்தேன், இதயம் மட்டும் தனியாக ஓடியது.

ஐந்து நிமிடம் இருக்கும். ஆரம்பித்த மாதிரியே, சட்டென்று நின்றுவிட்டது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டேன்.

வீட்டில் சொன்னேன். "காலையில ஒழுங்கா சாப்பிட்டியாடி?" என்று கேட்டார் அம்மா. பாட்டி அன்று சாயங்காலம் உப்பு, மிளகாய் வைத்துச் சுற்றிப்போட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அப்புறம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரும். ஷூ லேஸ் கட்டும்போது, துணி உலர்த்த பக்கெட்டைத் தூக்கும்போது, ஒருமுறை திருமயிலை ரயில் நிலையப் படியில் ஏறி முடித்துத் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபோது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு நின்றுவிடும். எனக்கே பழகிப்போனது. தோழிகளிடம் "என் ஹார்ட் ரேஸ் போகுது, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன்.

அது அப்படியே ஓடியிருக்கும். தி.நகர் அன்றைக்கு அதைக் கெடுத்தது.

எனக்கு 24 வயது. டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்து ஒரு வருடம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, ரங்கநாதன் தெருவில் கூட்டத்தை வீடியோ எடுக்கப் போயிருந்தோம். அந்தத் தெருவில் அந்த நாளில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மை மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காலர் மைக் கழன்று விழுந்தது. குனிந்தேன். ஸ்விட்ச்.

இந்த முறை பத்து நிமிடத்தில் நிற்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கேமரா எடுத்த நண்பர் தன் கையிலிருந்த பட்டையை எனக்குக் கட்டிப் பார்த்தார். முதலில் 118 காட்டியது, பிறகு 187, பிறகு கோடு மட்டும். உஸ்மான் சாலை வரை என்னைத் தாங்கிக்கொண்டு வந்து, ஓர் ஆட்டோவைப் பிடித்து, பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். உள்ளே சீட்டு எழுதி, பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டு, என்னைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி ஒட்டும்போது... நின்றுவிட்டது. இருபத்தைந்து நிமிடம் ஓடிய இதயம், வயர் ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்பு நின்றுவிட்டது.

தாளில் வந்தது நிமிடத்துக்கு 92. "நார்மல்" என்றார்கள்.

"வேலை டென்ஷனா? கூட்டத்தைப் பார்த்தா பயமா இருக்குமா? வீட்ல வரன் பார்க்கிறாங்களா?" டாக்டர் கேட்ட மூன்று கேள்விகளும் இவைதான். மூன்றுக்கும் நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன், ஏனென்றால் மூன்றிலுமே கொஞ்சம் உண்மை இருந்தது. பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டேன். நன்றாகத் தூக்கம் வந்தது. ஸ்விட்ச் போடுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த டாக்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கையில் இருந்தது சாதாரணமான ஒரு ஈ.சி.ஜியும், முகம் வெளுத்த ஓர் இளம்பெண்ணும். இது உலகம் முழுக்க நடப்பது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, என்னைப் போன்ற 107 பேரின் பழைய கதையைக் கிளறிப் பார்த்தது. முதல் பரிசோதனையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அந்த 107 பேரில் மூன்றில் இரண்டு பேரின் அறிகுறிகள், பதற்ற நோய்க்கான பட்டியலோடு அப்படியே பொருந்திப்போயின. அதாவது, காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பெண்களுக்கு 'மனசு' என்ற முத்திரை இன்னும் சுலபமாக விழுந்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை, சிரிப்பு வந்தது.

அடையாறில் ஓர் இதய மருத்துவரிடம் நான் போனதே அலுவலக சீனியர் அக்கா ஒருவர் இழுத்துக்கொண்டு போனதால்தான். வயதானவர். மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது, அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல "படபடப்பு வருது டாக்டர்" என்று ஆரம்பித்தேன்.

"படபடப்புங்கிறதை விடும்மா. அது எப்படி ஓடுதுன்னு இந்த மேசையில தட்டிக் காட்டு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. விரலால் தட்டினேன். டக்டக்டக்டக்டக்... ஒரே சீராக, என்னால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நடுவுல தாளம் தப்புமா? வேகமா, மெதுவா, விட்டு விட்டு, அந்த மாதிரி?"

"இல்ல டாக்டர். மெஷின் மாதிரி ஒரே சீரா இருக்கும்."

"ஆரம்பிக்கிறது எப்படி? மாடிப்படி ஏறுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாவா, இல்ல..."

"ஸ்விட்ச் போட்ட மாதிரி."

"நிக்கிறப்போ?"

"அதுவும் ஸ்விட்ச்தான். ஒரு பெரிய அடி அடிச்சுட்டு நின்னுடும்."

"பயம் முதல்ல வருமா, துடிப்பு முதல்ல வருமா?"

இதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. துடிப்புதான் முதலில். பயம் ஐந்து நிமிடம் கழித்து, நிற்காமல் போனால் வருவது. சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பதற்றத்தில் வரும் துடிப்பும் சில சமயம் திடீரென்று கிளம்பலாம், ஆனால் அது பொதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும், ஒரே நொடியில் அணையாது என்றார். "இதை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். ஆனா எந்தப் பக்கம் தேடணும்னு இது சொல்லும்."

அடுத்த கேள்விதான் விசித்திரமாக இருந்தது. "ஓடுறப்போ கழுத்துல ஏதாவது தெரியுமா?"

நான் யோசிப்பதற்குள், கூட வந்திருந்த அம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க டாக்டர், கழுத்துக்குழி தவளை மாதிரி துடிக்கும். சுடிதார் கழுத்தே ஆடும்."

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "அதுக்குப் பேரே தவளைக் குறிதாம்மா."

"நின்ன பிறகு பாத்ரூம் போகணும்னு வருமா?"

நான் அசந்துபோனேன். ஒவ்வொரு முறையும் வரும். ரொம்ப நேரம் ஓடிய நாட்களில் அரை மணிக்குள் இரண்டு, மூன்று முறை போவேன், தண்ணீர் மாதிரி. இதயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

இதன் பின்னால் இருக்கும் கதையை அவர் ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன்.

இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்சாரம் இறங்க நடுவில் ஒரே ஒரு வாசல் உண்டு. ஏ.வி. நோட் என்று அதற்குப் பெயர். சிலருக்கு அந்த வாசலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று வேகமான பாதை, ஒன்று மெதுவான பாதை. பிறவியிலேயே அமைவது, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அது இருப்பதே தெரியாது. ஆனால் என்றைக்காவது ஒரு துடிப்பு கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டால், வேகமான பாதை அப்போது தயாராக இருக்காது. மின்சாரம் மெதுவான பாதையில் இறங்கும். கீழே போய்ச் சேரும்போது வேகமான பாதை தயாராகிவிடும். அதன் வழியே மேலே ஏறும். மேலே வந்தால் மறுபடி மெதுவான பாதை. பனகல் பார்க்கைச் சுற்றும் ஆட்டோ வெளியே திரும்ப வழி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு முறை துடிக்கும். நிமிடத்துக்கு 150-லிருந்து 220 வரை போகும்.

ஸ்விட்ச் போட்டதுபோல ஆரம்பிப்பதும் நிற்பதும் இதனால்தான். வட்டம் சுற்றினால் முழு வேகம். எங்காவது ஒரே ஒரு சுற்று தடைப்பட்டால் வட்டமே போச்சு. பாதி வேகம் என்று ஒன்று கிடையாது.

கழுத்துக்கும் இதுதான் காரணம். சாதாரணமாக மேல் அறை முதலில் சுருங்கும், ரத்தம் கீழே போகும், பிறகு கீழ் அறை சுருங்கும். என் வகையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. நடுவிலிருக்கும் கதவு மூடியிருக்கிறது. மேல் அறை மூடிய கதவின் மீது தள்ள, ரத்தம் பின்வாங்கிக் கழுத்து நரம்பில் அடிக்கிறது. மேல் அறை இப்படி விரிந்து அவதிப்படும்போது, உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு ஹார்மோனை விடுகிறது. சிறுநீரகம் அந்த உத்தரவைக் கேட்டு வேலை செய்கிறது. பாத்ரூம் மர்மம் அவ்வளவுதான்.

கடைசியாக இரண்டு கேள்விகள் கேட்டார், அப்போது அவர் சிரிக்கவில்லை. ஓடும்போது எப்போதாவது முழுதாக மயங்கி விழுந்திருக்கிறேனா? வீட்டில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? விளையாடும்போதோ, ஓடும்போதோ மயங்கி விழுவது என்றால் அது வேறு கதை, அதற்கு நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாது என்றார். எனக்கு இரண்டும் இல்லை.

எக்கோ எடுத்தார், நார்மல். தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார், நார்மல். 24 மணி நேரம் நெஞ்சில் ஹோல்டர் கருவியைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனேன், அன்றைக்கு இதயம் பரம சாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவதை ஒரு நாள் வலையில் பிடிக்க நினைத்தால் அப்படித்தான். "ஓடும்போது எடுத்த ஈ.சி.ஜி ஒண்ணு வேணும்மா. நின்ன பிறகு எடுத்த நூறு ஈ.சி.ஜியும் எனக்குப் பிரயோஜனம் இல்ல" என்றார். ஒரு சின்னக் கடிதம் எழுதித் தந்தார். 'இவருக்கு வேகத் துடிப்பு இருக்கும்போது வந்தால், உடனே 12 லீட் ஈ.சி.ஜி எடுக்கவும். மருந்து கொடுப்பதற்கு முன்பும், கொடுக்கும்போதும் எடுக்கவும்.' அதை போட்டோ எடுத்து மொபைலில் முதல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

சாதாரண நேரத்து ஈ.சி.ஜி முழுக்க வீண் என்று சொல்ல முடியாது, அதையும் இங்கே சொல்ல வேண்டும். 1928-ல் பாஸ்டனில் டாக்டர் பால் டட்லி வொயிட்டிடம் 35 வயது உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்தார். நல்ல ஆரோக்கியமான மனிதர், அவ்வப்போது இதயம் தறிகெட்டு ஓடும். அவருக்கு ஓடாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜியே விநோதமாக இருந்தது. உடற்பயிற்சி செய்யவைத்து எடுத்தால் சரியாகிவிட்டது. வொயிட்டும் அவருடைய உதவியாளர் உல்ஃபும் லண்டனிலிருந்த பார்க்கின்சனும் சேர்ந்து, இதே மாதிரி 11 பேரைப் பற்றி 1930-ல் எழுதினார்கள். தலைப்பிலேயே 'ஆரோக்கியமான இளைஞர்கள்' என்று இருந்தது. இன்றும் அதற்கு அவர்கள் மூவர் பெயர்தான், சுருக்கமாக டபிள்யூ.பி.டபிள்யூ. அங்கே இரண்டாவது பாதை வாசலுக்குள் இல்லை, வாசலுக்கு வெளியே சுவரேறிக் குதிக்கும் பாதை. சிலருக்கு அது ஆபத்தான வேகத்துக்கு வழிவிடும், வழக்கமான மருந்துகள் சிலவும் அவர்களுக்கு ஆகாது. அதனால் சும்மா இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி தாளையும் தூக்கிப்போடாமல் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அது வெயிலிலும் நாளாக ஆகவும் மங்கிவிடும், எடுத்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

டாக்டர் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம், ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதுவது. ரிப்போர்ட்டருக்கு இதைச் சொல்ல வேண்டுமா? ஆனால் ஓடும்போது கை நடுங்கும், நாடியை எண்ண முடியாது, பாதியில் எண்ணிக்கை விட்டுப்போகும். அதற்கு என் தொழிலே ஒரு வழி காட்டியது. மொபைலில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, "இப்போ ஆரம்பிச்சது" என்று சொல்லிவிட்டு, ஒரு கையைக் கழுத்தில் வைத்து, இன்னொரு கை விரலால் மேசையில் துடிப்போடு சேர்ந்து தட்டுவேன். நேரம் தானாகப் பதிவாகிவிடும். நிதானமான பிறகு போட்டுக் கேட்டு, 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். தாளம் சீராக இருந்ததா, தப்பியதா என்பதும் காதிலேயே கேட்கும். அந்த ஆறு மாதக் குறிப்பிலிருந்து மூன்றை மட்டும் தருகிறேன்.

'பிப்ரவரி 11, இரவு 9.40. பீரோ கீழ்த்தட்டில் புடவை தேடக் குனிந்தேன். சட்டென ஆரம்பம். தட்டு 15 நொடியில் 46, அதாவது 184. சீர். கழுத்து ஆடியது. தலைசுற்றல் கொஞ்சம், மயக்கம் இல்லை. 9.52-க்கு நின்றது, நான் எதுவும் செய்யவில்லை. முந்தின இரவு 4 மணி நேரத் தூக்கம். பாத்ரூம் 2.'

'ஏப்ரல் 3, காலை 8.15. அடையாறு போக ஸ்கூட்டர் ஸ்டாண்ட் எடுத்தபோது. 180 இருக்கும். மூச்சை அடக்கி முக்கினேன், இரண்டாவது தடவையில் நின்றது. மொத்தம் 4 நிமிடம். காபி குடிக்கவில்லை.'

'மே 27, மதியம் 3. அலுவலகம். எடிட்டரோடு வாக்குவாதம். படபடப்பு, 120. மெதுவாக ஏறி, அரை மணியில் மெதுவாக இறங்கியது. கழுத்து ஆடவில்லை. இது அது இல்லை.'

மூன்றாவது குறிப்பைப் பார்த்து டாக்டர் அதிகம் சந்தோஷப்பட்டார். டென்ஷன் வேறு, இது வேறு என்று எனக்கே தெரிய ஆரம்பித்துவிட்டதாம். இன்னொரு நன்மையும் நடந்தது. வீட்டில் எல்லோரும் காபியைத்தான் குற்றவாளியாக்கி, எனக்கு மட்டும் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு குறிப்பில் நான்கில் நான் குனிந்திருக்கிறேன், மூன்றில் முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை, காபி ஒரே ஒரு முறைதான். என் டிகிரி காபி விடுதலையானது. இது என் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஜலதோஷ மாத்திரை, வீசிங்குக்கு இழுக்கும் மருந்து, தைராய்டு மாத்திரையின் அளவு எல்லாமே இதயத்தின் வேகத்தோடு விளையாடக்கூடியவை.

அந்த 'முக்குவது' பற்றி ஒரு வார்த்தை. வால்சால்வா என்று பெயர். ஏ.வி. வாசலை ஒரு நொடி தாமதப்படுத்தி வட்டத்தை உடைக்கும் வித்தை. 2015-ல் இங்கிலாந்தில் 428 பேரிடம் சோதித்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தபடி 15 நொடி பலமாக ஊதுவது, பழைய முறை. ஊதி முடித்ததும் சட்டென்று படுக்கவைத்து, கால்களை 45 டிகிரிக்கு 15 நொடி தூக்கிப் பிடிப்பது, புதிய முறை. பழையதில் 100-க்கு 17 பேருக்கு நின்றது, புதியதில் 43 பேருக்கு. 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு ஊதினால் சரியான பலம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கால் தூக்க அம்மா. முதலில் டாக்டர் சொல்லி, அவர் முன்னால் செய்து பார்த்த பிறகுதான் வீட்டில் செய்ய வேண்டும். நின்றுகொண்டு செய்யக் கூடாது. கண்ணை அழுத்துவது, கழுத்தைப் பிசைவது என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் வித்தையெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்த ஈ.சி.ஜி கிடைத்தது ஓர் ஆகஸ்ட் இரவில். 11.20-க்கு ஆரம்பித்தது. இரண்டு முறை ஊதினேன், அம்மா காலைத் தூக்கினார், நிற்கவில்லை. வாசலில் ஆட்டோ. "பதறாதம்மா, பத்து நிமிஷத்துல சேர்த்துடறேன்" என்று ஓட்டிய அண்ணன், கச்சேரி சாலையில் அத்தனை பள்ளத்தையும் ஒன்றுவிடாமல் ஏற்றி இறக்கினார். பள்ளத்தில் விழும்போது இதயம் நின்றுவிடுமோ என்று பயம். ஆமாம், முதல் முறையாக நான் அது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வயர் ஒட்டும்வரை ஓடு, ப்ளீஸ்.

அவசரப் பிரிவில் பேச்சே கொடுக்காமல் மொபைலை நீட்டினேன். கடிதத்தைப் படித்த நர்ஸ் அக்கா, சீட்டு எழுதும் இடத்தைத் தாண்டி நேராகப் படுக்கைக்குக் கூட்டிப்போனார். 11.48-க்குத் தாள் வெளியே வந்தது. நிமிடத்துக்கு 192. ஒரே சீர், குறுகலான கூம்புகள். டூட்டி டாக்டர் தாளைத் தூக்கிப் பிடித்து "ஓ" என்றார். அந்த "ஓ"-வுக்காக ஏழு வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

அவரும் ஒருமுறை ஊதவைத்து, காலைத் தூக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. "வீசிங் உண்டா?" என்று கேட்டுக்கொண்டு, முழங்கை நரம்பில் அடினோசின் 6 மில்லிகிராம் போட்டார். "சில செகண்ட் ரொம்ப மோசமா இருக்கும், பயப்படாத" என்று முன்பே சொன்னார். சொன்னது நல்லது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது மாதிரி, முகம் கொதித்து, இதோ போய்ச் சேரப்போகிறோம் என்ற எண்ணம். பக்கத்தில் தாள் ஓடிக்கொண்டே இருந்தது. கூம்பு, கூம்பு, கூம்பு, பிறகு ஒரு நீளமான வெறும் கோடு. அம்மா அதைப் பார்த்துவிட்டார், பாவம். அப்புறம் ஒரு துடிப்பு. இன்னொன்று. நிமிடத்துக்கு 88.

"பாத்ரூம் எங்கக்கா?" என்றேன்.

அந்தத் தாளோடு இதயத் துடிப்புக்கென்றே இருக்கும் நிபுணரிடம் போனோம். எலெக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்று பெயர், இதயத்துக்கு எலெக்ட்ரீஷியன் என்று அம்மா மொழிபெயர்த்துக்கொண்டார். ஏ.வி. வாசலுக்குள் வட்டம்தான், உயிருக்கு ஆபத்து இல்லாத வகை என்றார். மூன்று வழிகள். வரும்போது ஊதி நிறுத்திக்கொண்டு அப்படியே இருக்கலாம். தினமும் மாத்திரை சாப்பிடலாம். அல்லது தொடை நரம்பு வழியாகக் கம்பிகளை அனுப்பி, மெதுவான பாதையைச் சூடுவைத்து அடைத்துவிடலாம். மூன்றாவதில் 100-க்கு 95 பேருக்கு மேல் பிரச்னை முடிந்துவிடும். 100-க்கு ஒருவருக்கும் குறைவாக, வாசலே பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் வைக்கும்படி ஆகலாம். அவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

வீட்டில் இரண்டு வாரம் பேச்சு இதுதான். "ஹார்ட்டுல கம்பி விட்டாங்கன்னு தெரிஞ்சா யாருடி பொண்ணு கேட்டு வருவா?" என்று ஒரு பெரியம்மா. "வெளியில சொல்லாத, அவ்வளவுதான்" என்று அம்மா. எனக்கோ ஒரு மைக் விழுந்தால் குனிந்து எடுக்க முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. மைக், டிரைபாட், பை என்று குனிந்து எழுவதே என் வேலை.

போன ஜனவரியில் செய்துகொண்டேன். லேசான மயக்கம்தான், பேச முடிந்தது. உள்ளே கம்பியை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அதை ஆரம்பித்துவைத்தார்கள். ஸ்விட்ச். கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "இதுதானாம்மா உனக்கு வர்றது?"

"இதேதான் சார்" என்றேன். எனக்கு வருவது இதுதான் என்று ஒரு அறை நிறைய ஆட்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு ஸ்விட்ச் போடவில்லை. எப்போதாவது, குனிந்து நிமிரும்போது, ஒரு துடிப்பு மட்டும் இடறுகிறது. விரல் தானாக மேசைக்குப் போய்விடுகிறது. ஒன்று, இரண்டு தட்டு. அதற்கு மேல் தட்ட எதுவும் இருப்பதில்லை. அதையும் சொன்னேன் டாக்டரிடம், அந்தப் பழைய பாதை ஆரம்பிக்கப் பார்க்கிறது, வட்டம் கிடைக்காமல் திரும்பிப்போகிறது என்றார். தேதி போட்டுக் குறித்துவைத்திருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு இந்தக் கட்டுரையை அம்மா இன்னும் அனுப்பவில்லை.